ஒரு தாள், முக்கால் நிமிடம்

தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களின் அறிவிப்பை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். எட்டாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் எல்லோரும் வரலாம் என்று இருக்கும். கல்விச் சான்றிதழ் நகல், ஆதார் அட்டை, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், சுயவிவரக் குறிப்பு ஆகியவற்றுடன் வரவேண்டும் என்ற வரியும் கூடவே வரும். அந்தச் சுயவிவரக் குறிப்பை எத்தனை பிரதி எடுப்பது, அதில் எதை மேலே போடுவது, மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாயைத் திறந்து என்ன சொல்வது என்பதெல்லாம் அறிவிப்பில் இருக்காது. வந்தவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புவதற்குப் படிப்பில் உள்ள குறையைவிட இந்த இடத்தில் உள்ள குறையே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகாம் காலை ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் மேசைக்கு நூற்றைம்பது பேர் வந்தால், இடைவேளையே எடுக்காமல் பார்த்தாலும் ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. அந்த நேரத்துக்குள் மேசையில் இருப்பவர் தாளை வாங்கி, கண்ணை ஓட்டி, உங்களைப் பேசச் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டு, தாளின் ஓரத்தில் எதையோ குறித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.

அவர் கண் தாளில் இருக்கும் நேரமும் உங்கள் பேச்சு அவர் காதில் விழும் நேரமும் ஒன்றுதான். நீங்கள் சொல்வது தாளின் மேல்பகுதியிலேயே இருந்தால் அவர் கண்ணும் காதும் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும். தாளில் ஒன்று, பேச்சில் வேறொன்று என்றால் இரண்டும் தவறிப்போகும். ஆகவே ரெஸ்யூமை ஒரு நாள் அடித்துவிட்டு, ‘செல்ஃப் இன்ட்ரோ’வை வேறொரு நாள் மனப்பாடம் செய்வதாக வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் ஒரே அமர்வில், அருகருகே வைத்துத் தயார் செய்யுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆத்தூரைச் சேர்ந்த ஒரு பெண். கவிதா என்று பெயர் வைத்துக்கொள்வோம். 2024-இல் பி.காம். முடித்தவர், 68 சதவீதம். ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பத்து மாதமாக பில் போட்டு, கணக்கு எழுதுகிறார். சேலத்தில் நடக்கும் முகாமுக்கு வருகிறார். அவர் முதலில் தயாரித்த ரெஸ்யூம் நம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான ரெஸ்யூம்களைப் போலத்தான் இருக்கும். உச்சியில் கொட்டை எழுத்தில் ‘கரிக்குலம் விட்டே’. அதன் கீழ் ‘கரியர் அப்ஜெக்டிவ்’ என்று, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு தானும் வளர விரும்புவதாக மூன்று வரி. அப்புறம் பத்தாம் வகுப்பில் தொடங்கும் மதிப்பெண் அட்டவணை. கடைசியில் தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, கதவு எண்ணோடு முழு முகவரி, ‘மேலே சொன்னதெல்லாம் உண்மை’ என்ற உறுதிமொழி. கடை வேலை இரண்டாம் பக்கத்தில், அதுவும் ‘எக்ஸ்ட்ரா’ என்ற தலைப்புக்குக் கீழே!

கடையில் வேலை பார்த்ததை அனுபவமாகச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் நம் பிள்ளைகள். பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால்தான் அனுபவம் என்று நினைக்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் தேடி வந்தவருக்குக் கவிதாவிடம் உள்ளதிலேயே பெறுமதியான விஷயம் அந்தப் பத்து மாதம்தான். அதைத் தாளின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

திருத்திய தாள் எப்படி இருக்கும்? ஒரே பக்கம். உச்சியில் பெயர். அதற்கு நேர்கீழே எந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்பது: அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், பில்லிங். அடுத்த வரியில் ஆத்தூர், சேலம் மாவட்டம், கைபேசி எண், கிடைக்காவிட்டால் கூப்பிட வீட்டிலுள்ள ஒருவரின் எண், மின்னஞ்சல். கூடவே ‘பதினைந்து நாளில் சேர முடியும்’ என்ற குறிப்பு. இவ்வளவும் நான்கைந்து வரிதான். அதன் கீழே கடை அனுபவம்: எந்த மாதத்திலிருந்து, என்ன மென்பொருளில், தினமும் சுமார் எத்தனை பில், மாதம் பிறந்தால் என்ன பொறுப்பு. பிறகு படிப்பு. இதில் தேர்ச்சி பெற்ற ஆண்டு பளிச்சென்று தெரிய வேண்டும். ‘2023, 2024 பாஸ் அவுட் மட்டும்’ என்று ஆண்டு வைத்து வடிகட்டும் நிறுவனங்கள் உண்டு. ஆண்டைத் தேட வைத்தால் தாள் ஒதுங்கிப்போகும். அரியர் இருந்தால் அதையும் எழுதிவிடுவதே நல்லது. மறைத்தால் சான்றிதழ் பார்க்கும் நாளில் தெரிந்துவிடும்.

மதம், திருமண நிலை, தந்தை பெயர், முழு முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வேலை முடிவான பிறகு நிறுவனமே தரும் படிவத்தில் அவற்றை எழுதிக்கொள்ளலாம். ஆதார் எண்ணை ரெஸ்யூமில் போடவே கூடாது. முகாமில் அந்தத் தாள் பத்துப் பதினைந்து பேர் கைக்குப் போகிறது. அவர்களில் நிறுவனத்தின் சொந்த ஆட்கள் இருப்பார்கள், ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளும் இருப்பார்கள். மாலையில் அந்தக் காகித அடுக்கு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொன்று, தாளின் வலது மேல் மூலையில் இரண்டு விரல் அகலம் காலியாக விடுங்கள். மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்ள அந்த இடம் வேண்டும். அடுத்த சுற்றுக்கு அனுப்பலாமா, எவ்வளவு சம்பளம் கேட்டீர்கள், எப்போது சேர்வீர்கள் என்பதை அவர் அங்கேதான் கிறுக்குவார். ஓரம் வரை அலங்காரக் கட்டம் போட்ட தாளில் அவரால் எழுத முடியாது. எழுதாத தாளை மாலையில் புரட்டும்போது உங்கள் முகம் அவர் நினைவுக்கு வராது.

இனி ஜெராக்ஸ் கடைக்குப் போவோம். இங்கே நடக்கும் சேதாரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக் கணினியிலோ போனிலோ வேர்டு கோப்பாக அடித்து, அப்படியே கடைக்காரருக்கு அனுப்புகிறோம். அவர் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, அல்லது வேர்டு வேறு பதிப்பாக இருக்கும். வரிகள் நகர்ந்து, கடைசி இரண்டு வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பிடிஎஃப்பாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். படமாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எழுத்து மங்கும். கோப்பின் பெயரும் உங்கள் பெயராக இருக்கட்டும். கடைக்காரரின் கணினியில் ‘ரெஸ்யூம் ஃபைனல்’ என்ற பெயரில் இன்னும் பத்து கோப்புகள் இருக்கலாம். அவர் அடுத்தவருடையதை அடித்துக் கொடுத்த கதையும் உண்டு.

போன் செயலிகளில் கிடைக்கும் வண்ண வார்ப்புருக்கள் திரையில் அழகாக இருக்கும். இடப்பக்கம் அடர்நீலப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் தொலைபேசி எண். அதைக் கறுப்பு வெள்ளையில் அடித்தால் பட்டை கருத்து, எண் தெளிவில்லாமல் வரும். நிறுவனம் அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் சுத்தமாகப் போய்விடும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, ஒரே பத்தி அமைப்பு, அவ்வளவு போதும். ‘ஆங்கிலம் 70 சதவீதம்’ என்று திறமைக்குப் பட்டை போட்டுக் காட்டுவதும் வேண்டாம். எதை நூறாக வைத்து அந்த எழுபது வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

தாள் சாதாரண ஏ4, 80 ஜிஎஸ்எம் போதும். பாண்டு பேப்பர், ஸ்பைரல் பைண்டிங், பிளாஸ்டிக் உறை எதுவும் தேவையில்லை. எல்லாப் பிரதியும் லேசர் பிரின்ட்டாகவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் பிரின்ட் எடுத்து மற்றதை ஜெராக்ஸ் போட்டால் சில ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் கண்ணாடியில் உள்ள கீறலும் தூசியும் ஒவ்வொரு தாளிலும் கோடாக விழும். இங்க்ஜெட்டில் அடித்தது வியர்வைக் கை பட்டால் கலையும். வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற கை ஈரமாகத்தான் இருக்கும்.

முதல் பிரதி வந்ததும் மற்றவற்றை அடிக்கவிடாமல் நிறுத்துங்கள். அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து, கூட வந்தவரின் போனிலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அடித்துப் பாருங்கள். உங்கள் போன் அடித்தால் மற்றதை எடுக்கச் சொல்லலாம். மனதில் உள்ள எண்ணைக் கண் தானாகவே படித்துவிடும், தவறான இலக்கம் கண்ணில் படாது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் வராமல் போன அழைப்புகள் எத்தனையோ. வேலை முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்வதையும் மறக்க வேண்டாம்.

எத்தனை பிரதி எடுப்பது? முகாமுக்கு வரும் நிறுவனங்களின் பட்டியல் முன்கூட்டியே கிடைத்தால் அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். அரசு முகாம்களுக்கு www.tnprivatejobs.tn.gov.in தளத்தில் பதிவு செய்யலாம்; முகாம் விவரங்களும் அங்கே வரும். கவிதா தனக்குப் பொருந்தும் எட்டு நிறுவனங்களைக் குறித்துக்கொள்கிறார் என்று வைப்போம். மேசைக்கு ஒன்று, ஆக எட்டு. அவற்றில் மூன்று இடத்தில் இரண்டாம் சுற்றுக்கு அனுப்பினால் அங்கேயும் ஒன்று கேட்பார்கள். பதிவு மேசையில் ஒன்று கேட்கலாம். முகாமுக்குப் போன பிறகு கண்ணில் படும் புது நிறுவனங்களுக்கு நான்கு. கடைசிவரை கையை விட்டுப் போகாமல் தன்னிடமே இருக்க ஒன்று. மொத்தம் பதினேழு, இருபதாக எடுத்துக்கொள்ளலாம்.

கவிதாவுக்கு இரண்டு வகை வேலை ஒத்துவரும். ஒன்று அக்கவுண்ட்ஸ், மற்றது ஷோரூம் பில்லிங், கஸ்டமர் சப்போர்ட் போன்றவை. இரண்டுக்கும் ஒரே தாள் கொடுத்தால் இரண்டு பேருக்குமே அது தங்களுக்கு வந்ததாகத் தோன்றாது. பெயருக்குக் கீழே உள்ள வேலையின் பெயரையும், அனுபவத்தில் எது முதலில் வருகிறது என்பதையும் மாற்றி இரண்டு வகை அடிக்க வேண்டும். பதின்மூன்று ஒரு வகை, ஏழு மற்ற வகை. இரண்டையும் வேறு வேறு நிற ஃபைலில் வையுங்கள். அவசரத்தில் அக்கவுண்ட்ஸ் மேசையில் ஷோரூம் தாளை நீட்டுவது அடிக்கடி நடக்கிறது.

சான்றிதழ் நகல்களை ரெஸ்யூமோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம். முதல் சுற்றில் அவற்றை யாரும் புரட்டப் போவதில்லை, அடுக்கில் துருத்திக்கொண்டு நிற்கும். தனியாக நான்கு செட் இருக்கட்டும், கேட்டால் கொடுக்கலாம். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. புகைப்படத்தின் பின்னால் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள். கடை அனுபவத்துக்கு உரிமையாளரிடம் லெட்டர் பேடில் நான்கு வரி எழுதி வாங்கிக்கொண்டால் கவிதாவின் பத்து மாதத்துக்குக் கேள்வியே இல்லை.

இப்போது பேச்சு. வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் உதடுகளைக் கவனித்தால் தெரியும், எல்லோரும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். அநேகமாக அது ‘மைசெல்ஃப் கவிதா, மை ஃபாதர் நேம், மை மதர் நேம், மை ஹாபி’ என்ற பாடமாக இருக்கும். அப்பா என்ன செய்கிறார், தம்பி எந்த வகுப்பு, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது என்று, பேசக் கிடைக்கும் முக்கால் நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். மேசையில் இருப்பவர் காத்திருப்பது இவர் என்ன வேலை தெரிந்தவர், எந்த வேலைக்கு வந்திருக்கிறார், எப்போது வருவார் என்ற மூன்றுக்கும்தான். கவிதா இப்படிப் பேசலாம்:

“வணக்கம் மேடம். என் பேரு கவிதா, ஆத்தூர்லேருந்து வர்றேன். 2024-ல பி.காம். முடிச்சேன். எங்க ஊர்ல ஒரு ஹார்டுவேர் கடையில பத்து மாசமா பில்லிங்கும் கணக்கும் பாக்குறேன். டேலி பிரைம்ல தினமும் நாப்பது, அம்பது பில் போடுவேன். மாசம் பொறந்ததும் போன மாச விற்பனைப் பட்டியலச் சரிபாத்து, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்காக அஞ்சாம் தேதிக்குள்ள ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்புறது என் பொறுப்பு. நீங்க அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் எடுக்குறதா வெளியில போர்டுல பாத்தேன், அதுக்குத்தான் வந்திருக்கேன். சேலத்துலயே தங்கி வேலை பாக்க முடியும். பதினஞ்சு நாள்ல சேந்துடுவேன்.”

நிதானமாகச் சொன்னால் முக்கால் நிமிடம். இதில் உள்ளது பெரும்பாலும் தாளின் மேல்பாதியில் இருக்கிறது. இவர் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவரின் கண் அதை அங்கேயே கண்டுகொள்ளும். இதில் கனமான வாக்கியம் ஜிஎஸ்டிஆர்-1 பற்றியதுதான். மாதாமாதம் தாக்கல் செய்வோருக்கு அது அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. அஞ்சாம் தேதிக்குள் அனுப்புகிறேன் என்றால் கெடுவை அறிந்து வேலை செய்பவர் என்று கணக்குத் துறைக்காரருக்கு உடனே புரியும். ‘ஐயாம் எ ஹார்டு வொர்க்கர்’ என்பதை வரிசையில் நிற்கும் எல்லோரும் சொல்லிவிடலாம். இதைச் செய்தவர் மட்டுமே சொல்ல முடியும்.

சொன்னதில் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். சேல்ஸ் வவுச்சர் போட எந்த விசை என்று கேட்டால் எஃப்8 என்றும், பர்ச்சேஸுக்கு எஃப்9 என்றும் யோசிக்காமல் வர வேண்டும். சரக்கு திரும்பி வந்தால் எப்படிக் கணக்கு எழுதினாய் என்று கேட்டால் கடையில் நடந்ததை ஓர் உதாரணத்தோடு சொல்ல வேண்டும். ரெஸ்யூமில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் முந்தின நாள் இரவு இப்படி ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள். பதில் வராத வரியைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘எம்.எஸ். ஆபீஸ் தெரியும்’ என்பது பெரும்பாலும் அப்படி எடுக்க வேண்டிய வரி. எக்செலில் என்ன செய்யத் தெரியுமோ அதை மட்டும் எழுதினால் போதும்.

தமிழில் பேசுவதா, ஆங்கிலத்திலா? வேலையைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் வாடிக்கையாளரோடு பேசும் பிபிஓ வேலைக்கு முழுவதும் ஆங்கிலம் வேண்டும். அங்கே பேச்சுதான் தேர்வே. கணக்கு, உற்பத்தி, ஷோரூம் வேலைகளுக்குப் பெயர், ஊர், படிப்பு இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ‘வேலையைப் பத்தித் தமிழ்ல சொல்லட்டுமா மேடம்?’ என்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார்கள். தெரியாத ஆங்கிலத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவதில் உள்ள ஆபத்து, நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும் என்பதுதான். எதிரில் இருப்பவர் பாதியில் குறுக்கிட்டுக் கேட்டாலும் அதே கதிதான். வாக்கியங்களை மனப்பாடம் செய்யாமல் ஊர், வேலை, பொறுப்பு, எந்த இடத்துக்கு, எப்போது என்ற வரிசையை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டால் எங்கே வெட்டினாலும் அங்கிருந்து தொடரலாம்.

போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். வீட்டின் அமைதியில் கேட்பது போதாது. ஓடும் மின்விசிறிக்குக் கீழே, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒருவரை உட்காரவைத்துப் பேசுங்கள். முகாம் நடக்கும் கூடத்தில் ஒலிபெருக்கி ஒரு பக்கம் டோக்கன் எண் சொல்லிக்கொண்டிருக்கும், பக்கத்து மேசையில் இன்னொருவர் பேசிக்கொண்டிருப்பார். பெயரும் ஊரும் வேலையின் பெயரும் மட்டுமாவது எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் விடுவார்களா, கல்யாணம் எப்போது? இதைக் கேட்பதே தவறு என்று நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. கேட்கப்பட்டவர் அந்த இடத்தில் விவாதிக்கத் தேவையில்லை. ‘தங்கி வேலை பார்க்க வந்திருக்கிறேன், இந்தத் தேதியில் சேர முடியும்’ என்ற பதில் போதும்.

எழுந்திருக்கும் முன் நீங்களும் இரண்டு கேள்வி கேட்கலாம். வேலை நிறுவனத்திலேயே நேரடியா, ஒப்பந்த ஏஜென்சி மூலமா? சொல்லும் சம்பளம் பிடித்தம் போகக் கையில் வருவதா? மேசையை விட்டு நகர்ந்ததும், கையிலேயே வைத்திருக்கும் அந்தக் கடைசிப் பிரதியின் பின்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், எந்த வகைத் தாள் கொடுத்தீர்கள், என்ன சம்பளம் சொன்னீர்கள், எப்போது அழைப்பதாகச் சொன்னார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போது யார் பேசுகிறார்கள் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். பட்டியலில் இல்லாத பெயரைச் சொல்லி, பயிற்சிக் கட்டணம், டெபாசிட், சீருடைக்குப் பணம் என்று கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையத்தில் சொல்லுங்கள்.

அரசு நடத்தும் இந்த முகாம்களில் அனுமதி முற்றிலும் இலவசம். இதில் தனியார் வேலை கிடைத்துச் சேர்ந்தாலும், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உள்ள உங்கள் பதிவு ரத்தாகாது.